பேரும் ராகியும் பள்ளிக்கூடமும்: மாமியார் வீட்டில் எதற்கு மல்லுக்கட்டுவது?

கேள்வி: எங்களுக்குக் கோபி பக்கம் தோட்டத்து வீடு, கூட்டுக் குடும்பம். பையனுக்கு நாலரை மாசம். பிரசவம் தாராபுரத்துல அம்மா வீட்டுல. எங்க அத்தை குலதெய்வத்துப் பேரைத்தான் வைக்கோணும்ங்கறாங்க, நாங்க வேற பேர் யோசிச்சிருக்கோம். பால் பத்தலைன்னு நான் குளிக்கப் போற நேரத்துல ராகிப் பால் ஊத்தறாங்க. மாமா இப்பவே ஹாஸ்டல் ஸ்கூல்னு பேசறார், பீஸ் அவர் கட்டறாராம். எங்க வீட்டுக்காரர் "நீயே பேசிக்க"ங்கறார். எதை விடறது, எதைப் பிடிக்கறது?

பதில்: ராகியை இந்த வாரமே நிறுத்த வேண்டும். பேருக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு மூன்று வருடம் இருக்கிறது, அதை இப்போது பேசவே வேண்டாம். மூன்றையும் ஒரே சண்டையாக்கினால் மூன்றிலும் தோற்பீர்கள். "மருமக எதுக்கெடுத்தாலும் எதிர்ப் பேச்சு" என்ற பெயர் மட்டும் மிஞ்சும்.

முதலில் ராகி. கேழ்வரகை முளைகட்டி, அரைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டிக் காய்ச்சும் பால் நல்ல உணவுதான். ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு நானே அதைத்தான் சொல்வேன். நாலரை மாதத்தில் பிரச்சினை வேறு. அந்தச் சின்ன வயிற்றில் ஒரு சங்கு ராகி போனால் அடுத்த வேளை தாய்ப்பால் ஒரு சங்கு குறையும். குழந்தை குறைவாக உறிஞ்சினால் சுரப்பு குறையும். பத்து நாளில் "பாத்தியா, பால் பத்தலைன்னு அப்பவே சொன்னேன்" என்று அத்தை சொல்வது உண்மையாகிவிடும். துணியும் சங்கும் சரியாகக் கொதிக்காவிட்டால் வயிற்றுப்போக்கு வேறு. மாட்டுப்பாலையும் ஒரு வயதுவரை குடிக்கக் கொடுக்கக் கூடாது. அதில் இரும்புச்சத்து மிகக் குறைவு. சில குழந்தைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாத ரத்தக்கசிவையும் உண்டாக்கும். தண்ணீர் கலந்தால் சத்து இன்னும் குறையுமே தவிர சரியாகாது. உங்கள் அம்மா வீட்டில் நாக்கில் தேன் தடவும் பழக்கம் இருந்தால் அதற்கும் ஒரு வயதுவரை தடைதான். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்து பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து, நரம்பைத் தாக்கும் விஷத்தைச் சுரக்கலாம். அமுச்சி கொடுத்தாலும் ஆத்தா கொடுத்தாலும் தேன் தேன்தான்.

ஆனால் இதையெல்லாம் நீங்கள் அத்தையிடம் சொல்லிப் பயனில்லை. அவர் பயம் நியாயமான இடத்திலிருந்து வருகிறது. நாலு, ஐந்து மாதத்தில் குழந்தை கையை வாயில் திணிக்கும், பால் குடிக்கும்போது சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்கும், சாயங்காலம் காரணமில்லாமல் சிணுங்கும். மூன்று பிள்ளை வளர்த்த கை அதைப் பசி என்றுதான் படிக்கும். அதற்குப் பதில் வாதம் அல்ல, எடை.

தாய் சேய் நல அட்டையை எடுத்துப் பாருங்கள். அதில் எடை ஏறும் கோட்டை வரைய ஒரு பக்கம் இருக்கும். பிறந்தபோது 2.9 கிலோ, இப்போது 6.4 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பிறந்த எடை இரட்டிப்பானதற்கும் மேலே, அதுவும் ஐந்து மாதத்துக்குள். ஒரு நாளைக்கு ஆறு முறைக்குக் குறையாமல் மூத்திரம் போய், அது நிறமில்லாமல் இருந்தால் பால் பத்துகிறது. அட்டையில் கோடு மேலே ஏறிக்கொண்டிருக்கிறதா என்பதுதான் கேள்வி. பக்கத்து வீட்டுக் குழந்தை எத்தனை கிலோ என்பது கேள்வியே இல்லை. கோடு படுத்துவிட்டாலோ கீழே இறங்கினாலோ அத்தை சொல்வதில் விஷயம் இருக்கிறது. அப்போது ராகியை நாடாமல் குழந்தை மருத்துவரிடம் போக வேண்டும்.

அங்கன்வாடியில் எடை பார்க்கும் நாளில் குழந்தையை அத்தை மடியில் வைத்துக் கூட்டிப் போங்கள். நீங்கள் பின்னால் நில்லுங்கள். நர்ஸம்மாவிடம் முந்தின நாளே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். "ஏனுங்க, எடை நல்லா ஏறியிருக்குதுங்க. ஆறு மாசம் முடியட்டும், அப்புறம் நீங்களே ராகி காய்ச்சி ஊட்டுங்க" என்று நர்ஸம்மா அத்தையைப் பார்த்துச் சொல்லட்டும். மருமகள் சொன்னால் அது எதிர்ப்பு, நர்ஸம்மா சொன்னால் மருத்துவம். இந்தக் கசப்பை முழுங்கிக்கொள்ளுங்கள்.

அந்தச் சொல்லில் ஒரு தேதியும் ஒரு வேலையும் இருப்பதைக் கவனியுங்கள். "குடுக்காதீங்க" என்றால் அத்தைக்கு வீட்டில் இடமில்லை என்று ஆகும். "ஆறாம் மாசம் முடிஞ்ச மறுநாள் ராகி உங்க பொறுப்பு" என்றால் முளைகட்டிக் காயவைக்கும் வேலையை இன்றே தொடங்கிவிடுவார். நாள்காட்டியில் அந்தத் தேதியை வட்டம் போட்டு அடுப்பங்கரையில் மாட்டுங்கள்.

இதற்குப் பிறகும் மறைவாகக் கொடுத்தால் எப்படித் தெரியும்? மலம் திடீரென்று கெட்டியாகும் அல்லது நிறம் மாறும், வழக்கமான நேரத்தில் குழந்தை மார்பைத் தேடாது, உங்களுக்குப் பால் கட்டும். அப்போது "கொடுத்தீங்களா?" என்று கேட்காதீர்கள், இல்லை என்றுதான் பதில் வரும். "எத்தனை சங்கு போச்சுங்க அத்தே, அடுத்த பால் எப்ப கொடுக்கறதுன்னு பாக்கோணும்" என்று கேளுங்கள், அளவு வந்துவிடும். இதுவரை போனதை நினைத்துக் கலங்க வேண்டியதில்லை, நிறுத்தினால் போதும். தண்ணியாகப் பலமுறை போனாலோ, ஆறு மணி நேரமாக மூத்திரம் இல்லாவிட்டாலோ, கண் குழிந்திருந்தாலோ அன்றே ஆஸ்பத்திரி.

இனி உங்கள் வீட்டுக்காரர். "நீயே பேசிக்க" என்பது நடுநிலை மாதிரித் தெரியும், உண்மையில் அது அம்மா பக்கம். அவரவர் பெற்றோரிடம் அவரவர்தான் பேச வேண்டும். தேன், கிரைப் வாட்டர் பற்றித் தாராபுரத்தில் நீங்கள் பேசுங்கள், ராகி பற்றிக் கோபியில் அவர் பேசட்டும். எப்போது என்பதும் முக்கியம். சாப்பாட்டு நேரத்தில் வேண்டாம், நங்கையா வந்திருக்கும்போது வேண்டவே வேண்டாம். காலையில் பால் கறந்து முடித்த நேரத்தில், அம்மாவும் மகனும் மட்டும். சொல்ல வேண்டியது இரண்டே வரி: "அம்மா, நாங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணியிருக்கறோம். ஆறு மாசம் வரைக்கும் வெறும் தாய்ப்பால், அப்புறம் நீங்கதான் ஊட்டோணும்." "அவ வேண்டாங்கறா" என்ற சொல் ஒருமுறை வந்துவிட்டால் பேச்சு முழுதும் வீண்.

பேருக்கு வருவோம். மருத்துவமனையில் பெயரில்லாமல் பதிவான பிறப்பில், பதிவு செய்த நாளிலிருந்து 12 மாதம் வரை கட்டணமில்லாமல் பெயர் சேர்க்கலாம். அதற்குப் பிறகும் தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். ஆகவே அவசரமில்லை. ஆனால் ஒருமுறை பேரேட்டில் ஏறிய பெயரை எழுத்துப்பிழை திருத்தத்தைத் தவிர மாற்றித் தர மாட்டார்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட் என்று பிறந்த தேதிக்கு ஆதாரம் கேட்கும் இடங்களிலெல்லாம் இந்தச் சான்றிதழ்தான் செல்லும். இங்கேதான் நீங்கள் பிடிவாதமாக இருக்க வேண்டும்: எந்தப் பெயர் என்பதைவிட, யார் கையால் ஏறுகிறது என்பதில்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதால் உங்கள் மகனின் பதிவு இருப்பது பிரசவம் நடந்த ஊரில்தான், கோபியில் இல்லை. எந்த அலுவலகம் என்பது சான்றிதழிலேயே இருக்கும். பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட விண்ணப்பமும் இருவரின் அடையாள அட்டைகளும் எடுத்துக்கொண்டு நீங்கள் இருவருமே போங்கள். "எனக்குத் தெரிஞ்சவர் அங்கே இருக்கார், நான் பாத்துக்கறேன்" என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லிவிட்டு நீங்களே போங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒவ்வொரு எழுத்தையும், இனிஷியலையும் ஒரு தாளில் எழுதி, இருவரும் சரிபார்த்துக் கையில் கொண்டுபோங்கள். ஆதார் எடுப்பது இதற்குப் பின்னால்தான். முதலில் ஆதாரில் ஒரு பெயர், பிறகு சான்றிதழில் வேறு பெயர் என்று ஆனால் பள்ளியில் சேர்க்கும்போது அலைய வேண்டும்.

குலதெய்வத்துப் பெயரை என்ன செய்வது? நம் பக்கத்தில் வீட்டுப் பேர் வேறு, ஏட்டுப் பேர் வேறு என்பது புதிதல்ல. மாமனார் பெயரைப் பேரனுக்கு வைத்துவிட்டு, மாமனார் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்பதால் "சாமி", "கண்ணு" என்றே கூப்பிட்டு வளர்த்த மருமகள்கள் எத்தனையோ பேர். அத்தை செல்லமுத்து என்கிறார், நீங்கள் நிலவன் என்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கோயிலில் மொட்டையடித்துக் காது குத்தும்போது குழந்தையின் காதில் செல்லமுத்து என்று அத்தையே சொல்லட்டும், வீட்டில் அப்படியே கூப்பிடட்டும். பேரேட்டில் நிலவன் மட்டும். இரண்டையும் சேர்த்து நிலவன் செல்லமுத்து என்று எழுதுவது சமாதானமாகத் தெரியும். ஆனால் நம் இனிஷியல் முறையில் எது பேர், எது அப்பா பேர் என்று ஒவ்வொரு விண்ணப்பத்திலும் குழப்பம் வரும். நான் அதைச் சொல்ல மாட்டேன். ஒருவேளை அத்தை கேட்கும் பெயர் உங்களுக்குமே பிடித்திருந்து, அவர் கேட்டதால் மட்டும் வேண்டாம் என்று தோன்றினால், கொடுத்துவிடுங்கள். அதனால் குழந்தைக்கு ஒரு நட்டமும் இல்லை.

பள்ளிக்கூடம் பற்றிச் சுருக்கமாக. எல்.கே.ஜி.க்கு மூன்று வயது முடிந்திருக்க வேண்டும், அதுவரை எத்தனையோ மாறும். மாமா ஹாஸ்டல் என்று சொல்லும்போது "பாத்துக்கலாங்க மாமா" போதும். உண்மையான சிக்கல் "பீஸ் நான் கட்டறேன்" என்பதில் இருக்கிறது. பீஸ் கட்டுகிறவர்தான் பள்ளியைத் தேர்ந்தெடுப்பார், அது எந்த வீட்டிலும் அப்படித்தான். ஆகவே முதல் சில வருடப் பீஸ் உங்கள் இருவர் சம்பாத்தியத்துக்குள் அடங்குகிற பள்ளியாகப் பாருங்கள். அவர் ஆசையைத் தட்டாமல் வேறு பக்கம் திருப்பலாம்: குழந்தை பெயரில் தபால் நிலையத்தில் பிபிஎஃப் கணக்கு. பெற்றோர் இருக்கும்போது தாத்தா பேரனுக்குக் கணக்கு தொடங்க முடியாது. உங்கள் வீட்டுக்காரர் தொடங்க, மாமா வருடாவருடம் பணம் கொடுக்கலாம். உங்கள் வீட்டுக்காரரின் சொந்தக் கணக்கும் இருந்தால் இரண்டும் சேர்த்து ஆண்டுக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் போடக் கூடாது. பதினைந்து வருடக் கணக்கு என்பதால் கல்லூரிக்குத்தான் கைக்கு வரும், எந்தப் பள்ளி என்ற பேச்சில் அந்தப் பணம் குறுக்கே வராது.