எக்கோவில் 64 போய் 57 வந்தால் இதயம் கெட்டுவிட்டதா?

*"டாக்டர், எனக்கு வயது 47. மார்பகப் புற்றுநோய்க்கு அட்ரியாமைசின் சேர்ந்த கீமோ நான்கு தடவை முடிந்துவிட்டது. தொடங்கும் முன் எக்கோவில் இ.எஃப் 64 என்றார்கள், இப்போது 57. இந்த மருந்து இதயத்தைக் கெடுக்கும், கெட்டால் திரும்பாது என்று நெட்டில் படித்ததிலிருந்து தூக்கமே இல்லை. சிறுநீர் சிவப்பாகப் போனது, நகம் கறுத்துவிட்டது, அவ்வப்போது படபடப்பு. பயந்து கோ-கியூ டென் மாத்திரையும் மருதம்பட்டைக் கஷாயமும் எடுக்கிறேன். அடுத்து பாக்லிடாக்ஸல் 12 வாரம் ஏற்ற வேண்டுமாம். போகட்டுமா, இத்தோடு நிறுத்திவிடட்டுமா?"*

நிறுத்தாதீர்கள். உங்கள் இதயத்தைப் பற்றிய பேச்சு அட்ரியாமைசினைப் பற்றியது, அதன் வேளை முடிந்துவிட்டது. பாக்லிடாக்ஸல் வேறு வகை மருந்து. 57 என்ற எண்ணைப் பார்த்துப் பயந்து அதை விட்டால், புற்றுநோய்ச் சிகிச்சைதான் பாதியில் நிற்கும்.

அந்த 57 எப்படி வருகிறது என்று சொல்கிறேன். எக்கோ எடுப்பவர் உங்கள் இதயத்தின் இடது கீழறை நிரம்பியிருக்கும்போது ஒரு படத்தை நிறுத்தி, உள்சுவர் ஓரமாகக் கோடு வரைகிறார். சுருங்கியபின் இன்னொரு படத்தில் இன்னொரு கோடு. இரண்டு கோட்டிலிருந்தும் இயந்திரம் கொள்ளளவைக் கணக்கிடுகிறது. நிரம்பியபோது 100 மில்லி, சுருங்கியபின் மிச்சம் 36 மில்லி என்றால் 64 மில்லி வெளியே போயிருக்கிறது. நிரம்பியதில் நூற்றுக்கு எத்தனை பங்கு வெளியே போகிறது என்பதுதான் இ.எஃப், அதனால் இ.எஃப் 64. அதே இதயத்தை அடுத்த முறை இன்னொருவர் பார்க்கிறார். முதல் கோட்டைச் சற்று உள்ளே தள்ளி வரைந்ததில் 95, இரண்டாவதைச் சற்று வெளியே வரைந்ததில் 41. 95-இல் 54 வெளியே போனதாகக் கணக்குப் போட்டால் நூற்றுக்கு 57! இரண்டு கோட்டிலும் ஒரு டீஸ்பூன் அளவுதான் வித்தியாசம். இதயம் மாறவே இல்லை.

சாதாரண எக்கோவில் ஒரே ஆளுக்கு இரண்டு முறை எடுத்தாலே 10 புள்ளி வரை இப்படி முன்பின் வருவது எங்களுக்குத் தெரிந்த விஷயம். வேறு சென்டர், வேறு மெஷின் என்றால் இன்னும் கூடும். அன்றைக்குக் காய்ச்சலோ ரத்தசோகையோ இருந்தாலும், சரியாகத் தண்ணீர் குடிக்காமல் போயிருந்தாலும் எண் மாறும். அதனால்தான் அட்ரியாமைசினுக்கு நாங்கள் வைத்திருக்கும் எல்லை வேறு: முதல் அளவிலிருந்து 10 புள்ளியோ அதற்கு மேலோ இறங்க வேண்டும், இறங்கியது 50-க்குக் கீழேயும் போயிருக்க வேண்டும். நீங்கள் இரண்டையுமே தொடவில்லை.

அதற்காக 7 புள்ளி இறக்கத்தை அப்படியே விட்டுவிடவும் சொல்ல மாட்டேன். இரண்டு மூன்று வாரம் கழித்து, முதல் எக்கோ எடுத்த அதே இடத்தில், முடிந்தால் அதே மெஷினில் இன்னொன்று எடுங்கள். போகும்போது "ஸ்ட்ரெயினும் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். தசை நார்கள் நீளவாக்கில் எவ்வளவு சுருங்குகின்றன என்று அளப்பதுதான் அது. இ.எஃப் இறங்குவதற்கு முன்பே இது இறங்கத் தொடங்கிவிடும். ரிப்போர்ட்டில் மைனஸ் குறியோடு இருக்கும், அதைப் பார்த்து மிரளாதீர்கள். மைனஸ் 20 இருந்த இடத்தில் மைனஸ் 17-க்குக் கீழே எண் சிறுத்தால், அதாவது முதல் அளவில் 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தால், இ.எஃப் நன்றாக இருந்தாலும் நாங்கள் கவனிப்போம். முதல் எக்கோவில் ஸ்ட்ரெயின் பார்க்கவில்லை என்றால் இப்போது எடுப்பதே உங்களுக்கு அடிப்படை அளவு. ஒரு கம்பெனி மெஷினின் ஸ்ட்ரெயினை இன்னொரு கம்பெனி மெஷினின் ஸ்ட்ரெயினோடு ஒப்பிடக் கூடாது. அதே இடம் என்று நான் அடம்பிடிப்பதற்குக் காரணம் இதுதான்.

அட்ரியாமைசினின் மொத்த அளவைப் பற்றியும் நெட்டில் ஏதோ படித்திருப்பீர்கள். 400 மில்லிகிராமைத் தாண்டினால் ஆபத்து என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு, டிஸ்சார்ஜ் சீட்டில் உள்ளதைக் கூட்டிப் பார்த்துக் கலங்கி வருபவர்கள் வாரம் ஒருவராவது உண்டு. அந்த 400, உடலின் பரப்பளவில் ஒரு சதுர மீட்டருக்கு இவ்வளவு என்ற கணக்கு. 155 செ.மீ. உயரமும் 60 கிலோ எடையும் உள்ள ஒரு பெண்ணுக்குப் பரப்பளவு சுமார் 1.6 சதுர மீட்டர். வழக்கமான அளவில் ஒரு தடவைக்கு 96 மில்லிகிராம் ஏறும், நான்கு தடவைக்கு 384. காகிதத்தில் பார்த்தால் 400-ஐ நெருங்கிவிட்டது போலத் தெரியும். 1.6 ஆல் வகுத்தால் 240 தான். மூன்று ஆய்வுகளின் நோயாளிகளைச் சேர்த்து 2003-இல் வெளியான கணக்கில், 400 வரை போனவர்களில் சுமார் நூற்றுக்கு ஐந்து பேருக்கும், 550 வரை போனவர்களில் நூற்றுக்கு 26 பேருக்கும் இதயம் செயலிழந்தது. 240-இல் ஆபத்து இதைவிடக் குறைவு. ஆனால் பூஜ்யம் என்ற அளவு எதுவும் கிடையாது. இந்த மருந்து இதயத் தசைச் செல்லுக்குள் டி.என்.ஏ-வை உடைக்கும், அதன் மைட்டோகாண்ட்ரியாவையும் கெடுக்கும். செத்த செல்லுக்குப் பதிலாகப் புதிது முளைப்பது மிக மிகக் குறைவு.

சரி, மற்றவற்றை முடித்துவிடுவோம். சிவப்புச் சிறுநீர் மருந்தின் நிறம், ஓரிரு நாளில் போய்விடும். நகக் கறுப்பும் மருந்தால்தான், நகம் வளர வளரத் தானே மாறும். படபடப்புக்கு ஒரு இ.சி.ஜி.யும் ஹீமோகுளோபினும் பாருங்கள். கீமோவோடு கொடுக்கும் ஸ்டீராய்டும் ரத்தசோகையும் தூக்கம் கெட்டதுமே பெரும்பாலும் காரணமாக இருக்கும். மயக்கம் வந்து விழுந்தால் மட்டும் காத்திருக்காமல் உடனே வாருங்கள்.

மாத்திரையையும் கஷாயத்தையும் இன்றே நிறுத்துங்கள். யாரைக் கேட்டு ஆரம்பித்தீர்கள்? கோ-கியூ டென் இந்தப் பாதிப்பைத் தடுக்கும் என்று உறுதியாகக் காட்டிய ஆய்வு எதுவும் இல்லை. மாறாக, 2020-இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், உங்களைப் போல அட்ரியாமைசினும் பாக்லிடாக்ஸலும் ஏற்றிக்கொண்ட மார்பகப் புற்றுநோயாளிகளில், கீமோவுக்கு முன்னும் கீமோவின்போதும் இந்த மாத்திரை, வைட்டமின் சி, ஈ போன்றவற்றை எடுத்தவர்களுக்கு நோய் திரும்புவது கூடுதலாகத் தெரிந்தது. எடுத்தவர்கள் குறைவு என்பதால் அதுதான் முடிவு என்று சொல்ல முடியாது. ஆனால் பயனே தெரியாத ஒன்றுக்காக அந்த ஆபத்தை ஏன் வாங்க வேண்டும்? பாக்லிடாக்ஸலை உடைத்து வெளியேற்றுவது கல்லீரல். அந்த நேரத்தில் அளவு தெரியாத பட்டைச் சாற்றை அதன் தலையில் ஏற்றாதீர்கள்.

இனி நீங்கள் கேட்காததைச் சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் இத்தனை இருக்கிறது, ஆனால் நான் தேடியது ஒன்றை: மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறதா? அது வந்தால் எந்த எண்ணுக்கும் காத்திருக்கக் கூடாது.

52 வயதில் ஒரு பள்ளி ஆசிரியை என்னிடம் வந்தார். கீமோ முடிந்து ஏழு மாதம். இரவில் படுத்தால் வறட்டு இருமல், இரண்டு மணிக்கு எழுந்து ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்வார். இரண்டு இடங்களில் காட்டியிருக்கிறார். இருமல் மருந்து, ஆன்டிபயாடிக், அப்புறம் நெபுலைசர். ஒரு தலையணை இரண்டானது, பிறகு சாய்வு நாற்காலியிலேயே தூக்கம். "கீமோ எடுத்ததைச் சொன்னீர்களா அம்மா?" என்று கேட்டேன். "கேன்சர்தான் முடிஞ்சாச்சே டாக்டர், இருமலுக்கு அதை எதுக்குச் சொல்லணும்?" என்றார். எக்கோவில் இ.எஃப் 34. சிகிச்சைக்கு முன் 62, கீமோ முடிந்தபோது 55. அதன் பிறகு யாரும் எடுக்கவில்லை. நீர் பிரிய மருந்து, எனலாப்ரில், கார்வெடிலால் எல்லாம் கொடுத்து ஒரு வருடத்தில் 46 வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை. மூன்று மாதம் முன்னால் வந்திருந்தால் என்று இன்றும் நினைத்துக்கொள்வேன்.

படுக்கும்போது காலில் தேங்கியிருந்த ரத்தமும் சேர்ந்து மார்புக்குத் திரும்புகிறது. பலவீனமான இடது அறையால் அதைத் தள்ளிவிட முடியாமல் நுரையீரலில் தேங்குகிறது. எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் இறங்கும். ரத்தசோகையிலும் கீமோ களைப்பிலும் மாடிப்படி ஏறினால்தான் மூச்சு வாங்கும், படுத்தால் சுகமாக இருக்கும். படுத்தால் மோசமாகி உட்கார்ந்தால் தணிந்தால் அது இதயத்தின் மூச்சு. அதோடு மூன்று நாளில் இரண்டு கிலோ எடை ஏறினாலோ, கணுக்காலில் விரல் வைத்து அழுத்தினால் குழி விழுந்தாலோ மறுநாளுக்குத் தள்ளிப்போடாதீர்கள். எங்கே போனாலும் முதல் வாக்கியமாக "எனக்கு அட்ரியாமைசின் ஏற்றியிருக்கிறார்கள், எக்கோ எடுங்கள்" என்று சொல்லுங்கள்.

கெட்டால் திரும்பாது என்று படித்தீர்களே, அதற்கும் பதில் இதில்தான் இருக்கிறது. இத்தாலியின் மிலானில் இந்த மருந்தால் இ.எஃப் இறங்கிய 201 பேருக்கு இதய மருந்துகள் கொடுத்துப் பார்த்து 2010-இல் வெளியிட்டார்கள். கீமோ முடிந்து இரண்டு மாதத்துக்குள் மருந்து தொடங்கியவர்களில் நூற்றுக்கு 64 பேருக்கு இ.எஃப் இயல்பு நிலைக்கு வந்தது. ஆறு மாதம் கழித்துத் தொடங்கியவர்களில் ஒருவருக்குக்கூட முழுதாகத் திரும்பவில்லை. அதே குழு 2,625 பேரைப் பல வருடம் தொடர்ந்து பார்த்ததில் நூற்றுக்கு ஒன்பது பேருக்கு இதயம் பாதித்தது, அவர்களில் 98 சதவீதம் பேருக்கு முதல் வருடத்திலேயே தெரிந்துவிட்டது.

அதனால் இந்த மாத எக்கோவோடு நில்லாமல், கடைசி அட்ரியாமைசின் ஏறிய நாளிலிருந்து எண்ணி மூன்றாவது மாதமும் பன்னிரண்டாவது மாதமும் எடுங்கள். உடம்பில் ஒன்றும் தெரியாவிட்டாலும் எடுங்கள். ரத்த அழுத்தம் இருந்தால் மருந்தை விடாதீர்கள். அப்புறம், உங்கள் பயாப்ஸி ரிப்போர்ட்டில் ஹெர்-2 பாசிட்டிவா என்று பாருங்கள். பாசிட்டிவ் என்றால் பாக்லிடாக்ஸலோடு டிராஸ்டுசுமாபும் வரும். அதுவும் இதயத்தைத் தொடும் மருந்து, அட்ரியாமைசினுக்குப் பின்னால் வரும்போது இன்னும் கவனம் வேண்டும். அது ஏறிக்கொண்டிருக்கும் காலம் முழுக்க மூன்று மாதத்துக்கு ஒரு எக்கோ கட்டாயம்.

உங்கள் ஃபைலின் முதல் பக்கத்தில் மருந்தின் பெயர், ஒரு சதுர மீட்டருக்கு மொத்தம் எவ்வளவு, கடைசியாக ஏறிய தேதி, முதல் எக்கோவின் எண், எடுத்த இடம் இவற்றை எழுதி வையுங்கள். மொத்த அளவை உங்கள் புற்றுநோய் மருத்துவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், சீட்டைப் பார்த்து நீங்களாகக் கூட்ட வேண்டாம்.