+44 என்றால் பிரிட்டன்தானா?

“+44 எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியவர் பிரிட்டனில்தான் இருக்கிறாரா?”

அப்படிச் சொல்ல முடியாது. அந்த எண் எந்த நாட்டுக் கணக்கில் வழங்கப்பட்டது என்பதை மட்டுமே +44 காட்டும். பழைய லேண்ட்லைனில் எண் ஒரு வீட்டுக் கம்பியோடு கட்டப்பட்டிருந்தது. இணைய அழைப்பில் அது வெறும் லாகின்தான்.

நைரோபியில் ஒருவர் லண்டன் எண்ணை (+44 20) வாடகைக்கு எடுக்கிறார் என்று வையுங்கள். லேப்டாப்பில் செயலியைத் திறந்ததும் அது சேவை நிறுவனத்தின் சர்வரில் பதிவாகிறது. அவர் குரல் இணையம் வழியே அங்கே போய், அதன் பிறகே தொலைபேசி வலையமைப்புக்குள் நுழைகிறது. உங்கள் திரைக்கு வருவது எண் மட்டும், நைரோபி தெரியாது.

திருப்பி அழைத்தாலும் அதே வழியில் அவருக்கே போகும், கட்டணம் மட்டும் பிரிட்டன் அழைப்புக்கானது! சம்பந்தமில்லாத யாராவது எடுத்தால், எண்ணே போலியாகக் காட்டப்பட்டிருக்கலாம். அது வேறு வித்தை.