மூடிய கதவுக்கு முந்தைய இரவு

அன்புள்ள ஐயா,

மனச்சோர்வு பற்றிப் பத்து நிமிடக் குறும்படம் ஒன்றுக்குத் திரைக்கதை எழுதி, இத்துடன் அனுப்பியிருக்கிறேன். தேர்வில் தோற்ற அண்ணன் மெல்ல மெல்ல ஒடுங்கி, எட்டாவது நிமிடத்தில் அறைக் கதவை மூடிக்கொள்கிறான். ஓர் ஓசை மட்டும் கேட்கிறது; அடுத்த காட்சியில் சுவரில் அவனுடைய புகைப்படம். அவன் எழுதிய கடிதத்தைத் தங்கை படிக்க, வீடே அழுகிறது. ரத்தமோ உடலோ எங்கும் இல்லை. ஆனாலும் மனநல ஆலோசகராக இருக்கும் என் தோழி, ‘இதை இப்படியே எடுக்காதே’ என்கிறார். மென்மையாகத்தானே எழுதியிருக்கிறேன், எங்கே பிழை?

அன்புள்ள நண்பருக்கு,

தோழி சொல்வது சரி. நீங்கள் மறைத்தது உடலை மட்டும்தான். அடைப்புக்குறிக்குள் அந்த ஓசையை அவ்வளவு துல்லியமாக வருணித்திருப்பதால், கேட்ட நொடியிலேயே பார்வையாளர் கதவைத் தாண்டி உள்ளே போய்விடுகிறார். என்ன நடந்தது, எதைக் கொண்டு நடந்தது என்பதை அவரே மனத்திரையில் எடுத்து முடித்துவிடுகிறார். திரைப்படம், நாடகம் ஆகிய துறைகளில் இருப்பவர்களுக்காக உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டி, செயலையும் அதன் முறையையும் சித்திரிப்பதைத் தவிர்க்கச் சொல்கிறது. ஓசை, முன்கூட்டிக் காட்டப்படும் ஒரு பொருள், அதன் மீது ஒரு நொடி கூடுதலாக நிற்கும் கேமரா ஆகிய எல்லாமே முறையைச் சொல்லிவிடக் கூடியவைதான்.

ஆனால் ஓசையை நீக்கினால் மட்டும் திரைக்கதை சரியாகிவிடாது. அதைவிட என்னைக் கவலைப்பட வைத்தவை கடைசி இரண்டு நிமிடங்கள். அதுவரை அண்ணனை ஏறெடுத்தும் பார்க்காத அப்பா அங்கே மன்னிப்புக் கேட்கிறார், கேலி செய்த நண்பன் குலுங்கி அழுகிறான், அண்ணன் எழுதிய சொற்களை முதன்முறையாக எல்லோரும் பொறுமையாகக் கேட்கிறார்கள். நலமாக இருக்கும் பார்வையாளருக்கு இது சோகம். அதே இருட்டில் உட்கார்ந்து பார்க்கும் ஒருவருக்கோ, உயிரோடு இருந்தபோது கிடைக்காத கவனமும் நியாயமும் இறந்த பிறகு அவனுக்குக் கிடைத்துவிட்டன என்றே படும். நீங்கள் எச்சரிக்கையாக எழுதியதை அவர் வெகுமதியாக வாசிக்கக்கூடும். கடிதத்தை முழுவதுமாகவே எடுத்துவிடுங்கள். தேர்வு என்ற ஒற்றைக் காரணத்தில் எல்லாவற்றையும் அது முடித்துவிடுகிறது. மனச்சோர்வு அப்படி ஒற்றைக் காரணத்தில் அடங்குவது இல்லை.

மோட்சார்ட்டின் 1791-ஆம் ஆண்டு இசைநாடகம் ஒன்றில் பாப்பகேனோ என்ற பாத்திரம் உயிரை விட நினைக்கும்போது, மூன்று சிறுவர்கள் வந்து, ‘உன்னிடம் மணிகள் இருக்கின்றனவே, அவற்றை ஒலித்துப் பார்’ என்று நினைவூட்டுகிறார்கள், அவன் தப்பிக்கிறான். ஆஸ்திரிய ஆய்வாளர்கள் 2010-இல் செய்தித்தாள்களை ஆராய்ந்தபோது, அத்தகைய எண்ணம் வந்தும் அதைக் கடந்து வந்தவர்களைப் பற்றிய செய்திகளைத் தொடர்ந்து தற்கொலைகள் குறையும் போக்கைக் கண்டார்கள். அந்தப் பாத்திரத்தின் பெயரையே அந்த விளைவுக்குச் சூட்டினார்கள். உங்கள் படத்துக்கு இதிலிருந்து கிடைப்பது ஒரு கட்டமைப்பு. கதவு மூடும் நிமிடத்தை நோக்கி ஓடும் கதையை, அதற்கு முந்தைய ஓர் இரவில் நிறுத்தி, அங்கேயே நேரத்தைச் செலவிடலாம். உங்களிடம் தங்கை ஏற்கெனவே இருக்கிறாள். கடிதம் படிப்பதற்காக மட்டும் அவளை வைத்திருக்கிறீர்கள். நான் இப்படி எழுதிப் பார்த்தேன்:

உட்புறம் – சமையலறை – அதிகாலை 4 மணி

விளக்கு எரியவில்லை. அண்ணன் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருக்கிறான். தண்ணீர் குடிக்க வந்த தங்கை அவனைப் பார்க்கிறாள். விளக்கைப் போடாமல் பக்கத்தில் உட்காருகிறாள்.

தங்கை: இன்னைக்கும் தூங்கலையா?

அண்ணன்: முழிப்பு வந்துடுச்சு. நீ போய்ப் படு.

தங்கை: அண்ணா, நேராவே கேக்கறேன். உயிரோட இருக்க வேண்டாம்னு தோணுதா?

குழாயில் நீர் சொட்டுகிறது. அவன் அவளைப் பார்க்கவில்லை.

அண்ணன்: …கொஞ்ச நாளா. அம்மாகிட்ட சொல்லிடாதே.

தங்கை: சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ண முடியாது. ஆனா உனக்குத் தெரியாம யார்கிட்டயும் பேச மாட்டேன். விடியற வரைக்கும் இங்கேயே இருக்கேன்.

இதில் அவள் அறிவுரை எதுவும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்ற அச்சம் பரவலாக இருக்கிறது. அது தவறு என்பதே மனநலத் துறையினரின் நிலைப்பாடு. கேட்கப்படுவது பல நேரங்களில் அந்த எண்ணத்தோடு இருப்பவர்களுக்கு ஆறுதலாக இருக்கிறது. எல்லாவற்றையும் ரகசியமாக வைத்திருப்பதாக வாக்களிக்காமல் இருப்பதும், தனியே விட்டுவிட்டுப் போகாமல் இருப்பதும், நாளை இதே நிலையில் ஒருவரைச் சந்திக்கும் பார்வையாளர் அப்படியே எடுத்துச் செல்லக்கூடியவை. ஒரு குறும்படம் கற்றுத்தர இவ்வளவு போதும்.

அதற்கு முந்தைய நிமிடங்களில் இருண்ட அறை, மழை, கண்ணீர் என்று நீங்கள் எழுதியவற்றில் பாதியை நீக்கிவிடலாம். அதிகாலையில் விழித்து மறுபடி தூங்க முடியாமல் கிடப்பது, பிடித்த பாட்டு ஒலிக்கும்போதும் முகம் மாறாமல் இருப்பது, சின்ன விஷயத்துக்கு எரிந்து விழுவது ஆகியவை வீட்டில் இருப்பவர்கள் உண்மையில் காண்பவை. உலர்ந்த துணிகளை மடிக்க உட்கார்ந்தவன் முதல் சட்டையைக் கையில் பிடித்தபடியே அரைமணி நேரம் இருக்கிறான் என்ற ஒரு காட்சி, உங்கள் மழைக் காட்சிகளைவிட அதிகம் பேசும்.

மருத்துவரிடம் போகும் காட்சியைச் சுருக்கமாக வையுங்கள். முன்பொருமுறை நானே அந்தக் காட்சியை ஒன்றரைப் பக்கச் சொற்பொழிவாக எழுதி, ஒத்திகையில் நடிகர் கொட்டாவி விட்டதும்தான் அதை நீக்கினேன். காத்திருப்பு நாற்காலியில் இருவரும் உட்கார்ந்திருப்பது போதுமானது. ஆனால் அடுத்த காட்சியிலேயே அவன் சிரிக்க வேண்டாம். மனச்சோர்வுக்கான மருந்துகள் பலன் காட்டப் பொதுவாகச் சில வாரங்கள் ஆகின்றன. முதல் மாத்திரையில் மலரும் முகத்தைப் பார்த்துவிட்டு, தனக்கு அப்படி நடக்கவில்லையே என்று ஒருவர் மருந்தை நிறுத்திவிடக்கூடும். ‘ஐந்து வாரங்களுக்குப் பிறகு’ என்று எழுத்தில் காட்டி, அவன் துணியை மடித்து முடிப்பதோடு நிறுத்தலாம். இன்னும் இரண்டு சட்டைகள் மிச்சம் இருக்கட்டும்.

வசனத்தில் ஒரே ஓரிடத்தைத் திருத்த வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர், இன்னொருவரைப் பற்றி ‘அந்த முயற்சி தோல்வி’ என்கிறார். உயிர் பிழைத்ததைத் தோல்வி என்று சொல்லும் வாக்கியம் படத்தில் யார் வாயிலும் வர வேண்டாம்; ‘பிழைத்துக்கொண்டார்’ என்றே சொல்லட்டும்.

இந்தத் திருத்தப்பட்ட வடிவத்தைப் படத்தொகுப்புக்குப் பிறகு அல்ல, படப்பிடிப்புக்கு முன்பே தோழியிடம் கொடுங்கள், அப்போதுதான் அவர் சொல்வதை மாற்ற முடியும். அண்ணனாக நடிப்பவரிடம், சமையலறைக் காட்சியை எத்தனை டேக் எடுப்பீர்கள் என்பதையும், வேண்டும்போது நிறுத்தச் சொல்லலாம் என்பதையும் முன்னரே பேசிவிடுங்கள். படம் எதைப் பற்றியது என்ற அறிவிப்பு தொடக்கத்தில் வரட்டும். இறுதியில் உதவி எண்ணை இசை நின்ற பிறகு, எழுதி எடுத்துக்கொள்ளும் அளவுக்குக் குறைந்தது பத்து விநாடிகள் திரையில் நிறுத்துங்கள். படத்தை வெளியிடும் வாரத்தில் அந்த எண்ணை நீங்களே ஒருமுறை அழைத்து, இரவு நேரத்தில் யாராவது எடுக்கிறார்களா என்று பார்த்துவிடுங்கள்.

அன்புடன்.