சுங்கத் தணிக்கை: சரக்கு வந்த நாளில் எழுதிய குறிப்பே பின்னாளில் பேசும்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை, சரக்கு விடுவிக்கப்பட்ட பிறகு நடக்கும் சுங்கத் தணிக்கையைப் பற்றியவை. கேட்டவர்களில் பலர் கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பம்ப் உற்பத்தியாளர்கள் என்பதால், எடுத்துக்காட்டுகளையும் அந்தத் தொழிலிலிருந்தே எடுத்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் சரக்கு பரிசோதனை ஏதுமின்றி ஒரே நாளில் விடுவிக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து அதே பில் ஆஃப் என்ட்ரியைத் தணிக்கைக்குக் கேட்கிறார்கள். அன்று சரியென்று விட்டதை இன்று கேட்க முடியுமா?

முடியும். 2011-லிருந்து இறக்குமதியாளரே வரியை மதிப்பிட்டுக்கொள்ளும் சுயமதிப்பீட்டு முறை நடைமுறையில் உள்ளது. சரக்கு பரிசோதனை இல்லாமல் விடுபட்டது என்றால், இடர் மேலாண்மை அமைப்பு அதை அன்று நிறுத்தவில்லை என்பதுதான் பொருள். நீங்கள் எழுதிய வகைப்பாட்டையும் மதிப்பையும் எந்த அதிகாரியும் ஆராய்ந்து ஏற்றுக்கொண்டார் என்று அதற்குப் பொருளில்லை. அந்த ஆய்வைப் பின்னால் செய்யும் அதிகாரத்தைச் சுங்கச் சட்டத்தின் 99ஏ பிரிவு தருகிறது. அதன் நடைமுறையை 2018-ஆம் ஆண்டின் சுங்கத் தணிக்கை ஒழுங்குமுறைகள் வகுக்கின்றன. தணிக்கையை அலுவலகத்திலும் செய்யலாம், உங்கள் இடத்துக்கு வந்தும் செய்யலாம். உங்கள் இடத்துக்கு வருவதாக இருந்தால் குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். ஆவணங்களை 5 ஆண்டுகள் வைத்திருப்பது உங்கள் கடமை.

அந்த 15 நாட்களில் புதிதாக விளக்கங்களை எழுதித் தயாரிப்பதில் பலர் இறங்குகிறார்கள். அதனால் பெரிய பயன் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நீங்கள் என்ன நினைத்துச் சுங்கவரி அட்டவணையில் அந்தத் தலைப்பைத் தேர்ந்தீர்கள் என்பதற்கு, அன்றைய தேதியிட்ட தாள்தான் சான்றாகும்.

கேள்வி: பம்புக்கான மெக்கானிக்கல் சீல்களைப் பம்ப் உதிரிபாகம் என்று 8413 91 தலைப்பில் ஆண்டுக்கணக்கில் இறக்குமதி செய்து வருகிறோம். சப்ளையரின் இன்வாய்ஸிலும் அந்த எண்தான் உள்ளது. தணிக்கைக் குழு 8484 20 என்கிறது. எப்படி எதிர்கொள்வது?

வகைப்பாட்டில் குழு சொல்வது சரி என்றே நினைக்கிறேன். சுங்கவரி அட்டவணையின் பதினாறாம் பிரிவுக்கு உரிய குறிப்பு 2(ஏ), 84 அல்லது 85-ஆம் அத்தியாயத்தில் தனக்கென்று தலைப்பு உள்ள ஒரு பாகம், சில விதிவிலக்குத் தலைப்புகள் தவிர, எந்த இயந்திரத்தில் பொருத்தப்பட்டாலும் தன் தலைப்பிலேயே போக வேண்டும் என்கிறது. மெக்கானிக்கல் சீலுக்கு 8484-இல் தனி இடம் உண்டு. பால் பேரிங்குக்கு 8482 உண்டு. இவை பம்புக்கென்றே செய்யப்பட்டிருந்தாலும் 8413 91-க்குப் போகாது. பம்பின் இம்பெல்லர் போல வேறெங்கும் தனித் தலைப்பு இல்லாத பாகமே அங்கே சேரும்.

ஆகவே உங்கள் வாதம் எண்ணைக் காப்பாற்றுவதாக இருக்க வேண்டாம். காலத்தைக் காப்பாற்றுவதாக இருக்கட்டும். 28-ஆம் பிரிவின்படி நேர்மையான பிழைக்கு இரண்டு ஆண்டுகளுக்குள்தான் நோட்டீஸ் தர முடியும். தெரிந்தே பொய்யாக எழுதினார் அல்லது உண்மையை மறைத்தார் என்று நிறுவினால் ஐந்து ஆண்டுகள் பின்னோக்கிப் போகலாம், வரிக்குச் சமமான அபராதமும் வரலாம். இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு உங்கள் மனநிலையைப் பற்றியது. அதற்குச் சாட்சி உங்கள் கோப்புதான்.

பில் ஆஃப் என்ட்ரியில் பொருளை எப்படி விவரித்தீர்கள் என்று முதலில் பாருங்கள். "மெக்கானிக்கல் சீல், இன்ன அளவு, இன்ன மாடல்" என்று வெளிப்படையாக எழுதி, எண்ணை மட்டும் தவறாகத் தேர்ந்திருந்தால், எதையும் மறைக்கவில்லை என்று உறுதியாக வாதிடலாம். வெறுமனே "பம்ப் உதிரிபாகங்கள்" என்று எழுதியிருந்தால் நிலை பலவீனமாகும், ஏனென்றால் அந்தச் சொல்லைப் பார்த்து எந்த அதிகாரியாலும் சீல் என்று கண்டுபிடித்திருக்க முடியாது. சப்ளையரின் இன்வாய்ஸில் உள்ள எண் உங்களுக்குக் கவசமாகாது. அது அவருடைய நாட்டு ஏற்றுமதிக்கானது. இந்தியாவில் சரியான தலைப்பைத் தேர்வது இறக்குமதியாளரின் பொறுப்பு.

இனி வரும் பொருட்களுக்கு ஒன்றைச் செய்யுங்கள். ஒவ்வொரு புதிய பொருளுக்கும், முதல் சரக்கு வருவதற்கு முன்பே ஒரு பக்கக் குறிப்பு எழுதுங்கள். பொருள் என்ன, எதனால் ஆனது, எந்த வேலையைச் செய்கிறது என்பதை வரைபடத்தோடு எழுதி, எந்தெந்தத் தலைப்புகளைப் பார்த்தீர்கள், எந்தப் பிரிவுக் குறிப்பின்படி ஒன்றை ஒதுக்கி மற்றொன்றை ஏற்றீர்கள் என்றும் எழுதித் தேதியோடு கையெழுத்திடுங்கள். ஒதுக்கிய தலைப்பைப் பற்றிய வரியே இதில் மிகவும் முக்கியம்; மாற்று வழியைப் பார்த்துக் காரணத்தோடு விட்டவர் மறைத்தவராக மாட்டார். இரு பக்கமும் வலுவாக இருக்கும் பொருளுக்கு, எந்தத் தலைப்பு என்பதைச் சரக்கு வருவதற்கு முன்பே முடிவு செய்து தரும் முன்கூட்டிய தீர்ப்பைக் கேட்பதே நல்லது.

கேள்வி: பிளாஸ்டிக் இம்பெல்லர்களைச் சீனாவில் வார்க்கிறோம். அச்சுக்கான பணத்தைத் தனியாக முன்பே அனுப்பிவிட்டோம். அச்சு அங்கேயே இருக்கிறது, இந்தியாவுக்கு வரவில்லை. அதற்கும் வரி கேட்கிறார்கள். இது நியாயமா?

தணிக்கையில் நான் மிக அதிகமாகக் காணும் குறைபாடு இதுதான், ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். 2007-ஆம் ஆண்டின் சுங்க மதிப்பீட்டு விதிகளில் 10-ஆம் விதி, வாங்குபவர் இலவசமாகவோ குறைந்த விலைக்கோ தந்த கருவி, அச்சு போன்றவற்றின் மதிப்பைச் சரக்கின் விலையோடு சேர்க்கச் சொல்கிறது. அச்சை வேறொருவரிடம் வாங்கித் தந்தால் இது நேரடியாகப் பொருந்தும். சப்ளையரே அச்சைச் செய்து உங்களிடம் தனியாகப் பணம் வாங்கினாலும், அந்தச் சரக்குக்காகத் தரப்பட்ட தொகையின் ஒரு பகுதியாகவே அது கருதப்படும். அச்சு கப்பலில் ஏறவில்லை என்பது விடையாகாது. அதன் விலை ஒவ்வொரு இம்பெல்லருக்குள்ளும் வந்து சேர்கிறது.

எவ்வளவு சேர்ப்பது என்பதில்தான் ஆவணம் பேசுகிறது. அச்சுக்கு 24,000 டாலர் தந்தீர்கள் என்றும், அதைக் கொண்டு 80,000 இம்பெல்லர்கள் செய்வதாக ஒப்பந்தம் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். அப்போது ஒரு துண்டுக்கு 30 சென்ட் சேரும். இதுவரை 50,000 வந்திருந்தால் விடுபட்ட மதிப்பு 15,000 டாலர். டாலருக்கு 85 ரூபாய் என்று கொண்டால் அது 12,75,000 ரூபாய். அடிப்படை வரி 7.5 சதவீதம், அதன் மீது 10 சதவீதம் சமூக நலக் கூடுதல் வரி என்று எடுத்துக்கொண்டால், இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 1,05,188 ரூபாய், ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி. இதற்கு மேல். (உண்மையில் ஒவ்வொரு பில்லுக்கும் அன்றைய மாற்று விகிதத்தில் கணக்கிட வேண்டும்.)

ஒப்பந்தம் இல்லையென்றால்? விதியின் விளக்கக் குறிப்பு, முதல் சரக்கின் மீதே முழு மதிப்பையும் ஏற்றுவது, முதல் சரக்கு வரும்வரை செய்த எண்ணிக்கையின் மீது பகிர்வது, எதிர்பார்க்கும் மொத்த உற்பத்தியின் மீது பகிர்வது எனச் சில வழிகளைத் தருகிறது. எந்த வழி கிடைக்கும் என்பது இறக்குமதியாளர் காட்டும் ஆவணத்தைப் பொறுத்தது. மொத்த உற்பத்தியின் மீது பகிர வேண்டுமானால் அதற்கான ஒப்பந்தமோ உறுதியான ஆணையோ வேண்டும். அது இல்லாதபோது முழு 24,000 டாலரையும் ஏற்றினால் அதே இரு வரிகள் 1,68,300 ரூபாயாகும். ஒரு பக்க ஒப்பந்தம் இல்லாததன் விலை ஏறத்தாழ 63,000 ரூபாய், வட்டி தனி.

குழு இதை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று கேட்பீர்கள். இன்வாய்ஸைப் பார்த்து யாரும் கண்டுபிடிப்பதில்லை. உங்கள் நிலைச்சொத்துப் பதிவேட்டில் "டூலிங்" என்ற வரியும், வங்கி அனுப்பீட்டில் பில் ஆஃப் என்ட்ரி இணையாத ஒரு டாலர் தொகையும் இருக்கும். கணக்குப் பிரிவு சரியாக எழுதியதை இறக்குமதிப் பிரிவு அறியாமல் இருந்ததே பெரும்பாலும் காரணம்.

ஒரு செய்தி உங்களுக்குச் சாதகமானது. வடிவமைப்பு, பொறியியல் பணிகளில் இந்தியாவுக்கு வெளியே செய்யப்பட்டவை மட்டுமே சேர்க்கப்படும். இம்பெல்லரின் வரைபடத்தை உங்கள் கோயம்புத்தூர் பொறியாளர்கள் தயாரித்திருந்தால் அதன் செலவு மதிப்பில் சேராது. அதைக் காட்ட அவர்களின் பணிநேரப் பதிவும், தேதியிட்ட வரைபட வடிவங்களும் கோப்பில் இருக்கட்டும்.

கேள்வி: தாய் நிறுவனத்திடமிருந்து வாங்குகிறோம். தொடர்புள்ள நிறுவனங்களுக்கு இடையிலான விலையை ஆராயும் சுங்கத்துறையின் சிறப்பு மதிப்பீட்டுக் கிளை எங்கள் விலையை ஏற்றுக்கொண்டுவிட்டது. இனி ராயல்டி பற்றி ஏன் கேட்கிறார்கள்?

அந்த ஆய்வில் நீங்கள் காட்டிய ஒப்பந்தங்களை வைத்தே கிளை விலையை ஏற்றது. அதன் பிறகு ராயல்டி ஒப்பந்தம் மாறியிருந்தால், ஏற்பும் பழைய உண்மைகளோடு நின்றுவிடும். இறக்குமதிப் பொருளோடு தொடர்புடையதாகவும், அதை விற்பதற்கான நிபந்தனையாகவும் இருக்கும் ராயல்டிதான் மதிப்பில் சேரும். எனவே ராயல்டி எதன் மீது கணக்கிடப்படுகிறது, இறக்குமதிப் பாகங்களின் விலை கழிக்கப்படுகிறதா என்று காட்டும் கணக்குத்தாளை வைத்திருங்கள். வருமானவரிக்குத் தரும் விலை ஆய்வறிக்கையும் இதே விலைகளைப் பேசும் என்பதால், இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

கேள்வி: பழைய பேரங்கள் வாட்ஸ்அப்பில் உள்ளன, மற்ற காகிதங்கள் கஸ்டம்ஸ் புரோக்கரிடம். போதுமா?

போதாது. வைத்திருக்கும் கடமை உங்களுடையது. விலை குறைந்ததற்கான உரையாடலைத் தேதி தெரியும்படி பி.டி.எஃப். ஆக்கி, அந்த ஆர்டரின் கோப்பில் இன்றே சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: குறை உண்மைதான் என்று எங்களுக்கே தெரிகிறது. நோட்டீஸ் வரும்வரை காத்திருக்கலாமா?

காத்திருக்க வேண்டாம். மறைப்பு இல்லாத பிழையில், நோட்டீஸுக்கு முன்பே வரியையும் ஆண்டுக்கு 15 சதவீத வட்டியையும் கட்டி அதிகாரிக்கு எழுத்தில் தெரிவித்தால், 28-ஆம் பிரிவின்படி அந்தத் தொகைக்கு நோட்டீஸும் அபராதமும் இல்லை. தணிக்கை அறிவிப்பு வருவதற்கு முன்பே நீங்களாகப் பிழையைக் கண்டால், 2025-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் சேர்த்த 18ஏ பிரிவின்படி பதிவைத் தாமாகத் திருத்தும் வழியும் உண்டு. தணிக்கை தொடங்கி உங்களுக்குத் தெரிவிக்கப்பட்ட பிறகு அந்த வழி மூடிவிடும். அச்சு விஷயத்தில் குறை கண்ட மேற்படி கோயம்புத்தூர் வாசகருக்கு அந்த வாய்ப்பு இப்போது இல்லை. ஆனால் அவர் இறக்குமதி செய்யும் மற்ற பாகங்களின் அச்சுகளை இந்த வாரமே எண்ணிப் பார்த்து, அவையும் விடுபட்டிருந்தால் குழு கேட்பதற்கு முன் தாமே கணக்கிட்டுக் கட்டிவிட முடியும்.