ஃபுளூரைடின் சிக்மாவையும் பையையும் தனித்தனியாக எடுப்பது

கேள்வி: எண்முகி அணைவின் நிறமாலையிலிருந்து Δo என்ற ஒரு எண்தான் கிடைக்கிறது. அப்புறம் eσ, eπ என்று இரண்டு எண்களை எங்கிருந்து எடுக்கிறார்கள்?

ஆறு ஈனிகளும் ஒரே வகையாக இருக்கும்வரை எடுக்க முடியாது. கோண மேற்பொருந்துதல் மாதிரியில் eσ, eπ என்பவை ஓர் ஈனி சிக்மா வழியாகவும் பை வழியாகவும் d ஆர்பிட்டால்களை எவ்வளவு மேலே ஏற்றுகிறது என்பதன் அளவுகள்; Δo = 3eσ − 4eπ. சமன்பாடு ஒன்று, தெரியாதவை இரண்டு. சமச்சீரைக் குறைத்தால்தான் வழி பிறக்கும்.

நான் வகுப்பில் எப்போதும் எடுத்துக்கொள்வது டிரான்ஸ்-[Cr(en)2F2]⁺. z அச்சில் இரண்டு ஃபுளூரைடு, xy தளத்தில் நான்கு அமீன் நைட்ரஜன். நைட்ரஜனிடம் இருக்கும் ஒரே தனி இணை சிக்மா பிணைப்புக்கே போய்விடுகிறது. அதனால் அதற்கு eπ = 0 என்று வைக்கலாம். இந்த ஒரு பிடி இல்லாவிட்டால் கணக்கு நகராது.

எண்முகியில் ஒன்றாக இருக்கும் இரண்டு பட்டைகளும் இங்கே இரண்டிரண்டாகப் பிரிகின்றன. கீழ் ஜோடி 18,500, 21,700, மேல் ஜோடி 25,300, 29,300 (எல்லாம் செ.மீ⁻¹).

21,700 பட்டை xy → x²−y² தாவல். அது தளத்தைத் தாண்டிப் போவதில்லை, ஆகவே 3eσ(N) = 21,700. Eg நிலையான 18,500 பட்டை இரண்டு ஈனிகளின் Δ-க்களுக்கும் சராசரி, எனவே Δ(F) = 15,300. பலர் இங்கேயே பை கிடைத்துவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். கிடைத்தது பழைய கலவைதான்: 3eσ(F) − 4eπ(F) = 15,300.

புதிய செய்தி மேல் ஜோடியில் இருக்கிறது. உயரத்தில் இருக்கும் A2g நிலை xy → z² தாவல். xy ஆர்பிட்டாலை ஃபுளூரைடின் பை தொடுவதே இல்லை. மேல் ஜோடியின் Eg நிலையோ xz, yz-இலிருந்து கிளம்புகிறது. அவை ஏற்கெனவே 2eπ(F) அளவுக்கு மேலே ஏறி நிற்பவை. எலெக்ட்ரான் விலக்கம் இரண்டுக்கும் ஏறக்குறைய சமம் என்பதால் கழிந்துவிடும். மிஞ்சுவது:

A2g − Eg = 1.5[eσ(F) − eσ(N)] + 2eπ(F) = 4,000

இரண்டால் பெருக்கி 3eσ(N)-இன் மதிப்பைப் போட்டால் 3eσ(F) + 4eπ(F) = 29,700. முந்தைய சமன்பாட்டோடு கூட்டிக் கழித்தால் eσ(F) = 7,500, eπ(F) = 1,800. நைட்ரஜனின் eσ ஏறத்தாழ 7,230. அதாவது சிக்மாவில் ஃபுளூரைடு அமீனுக்குச் சற்றும் இளைத்ததில்லை. நிறமாலை வேதி வரிசையில் அதைக் கீழே இழுப்பது பை மட்டுமே.

இரண்டு Eg நிலைகளும் ஒன்றோடொன்று கலப்பதை இங்கே விட்டிருக்கிறேன். சேர்த்தால் எண்கள் சில நூறு நகரும். அதைவிடப் பெரிய ஆபத்து, மேல் ஜோடியில் எது A2g, எது Eg என்று மாற்றிக் குறிப்பது. மாற்றிப் போட்டுப் பாருங்கள்: eσ(F) 4,830 ஆகச் சரியும், eπ(F) −200 ஆகும். ஃபுளூரைடு பை ஏற்பி ஆகிவிடுகிறது! அப்படி வந்தால் குறியீடு தவறு என்று அர்த்தம். ஒற்றைப் படிகத்தில் முனைவுற்ற ஒளியால் எடுத்த நிறமாலை இதைத் தீர்த்து வைக்கும்.

குளோரைடுக்குப் போகும்போது இன்னொன்றைக் கவனியுங்கள். அதன் eσ சுமார் 5,600, eπ சுமார் 900. மேலே உள்ள சூத்திரத்தில் போட்டால் சிக்மாப் பகுதி −2,400, பைப் பகுதி +1,800. ஒன்றையொன்று பெரும்பாலும் அடித்துவிடுவதால் மேல் ஜோடி ஒரே அகலமான பட்டையாகத் தெரியும். பிளவு தெரியவில்லை என்பதற்காகப் பை இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.