‘English’ என்று மட்டும் ஒரு மெசேஜ்

கேள்வி: கல்முனையில் தரம் 4 முதல் 11 வரை ரியூசன் நடத்துகிறேன். வகுப்பு விபரத்தை வட்ஸ்அப்பில் அனுப்பினால் சில பெற்றோர் ‘English’ என்று மட்டும், சிலர் ‘Tamil’ என்று மட்டும் பதில் போடுகிறார்கள். என்ன கேட்கிறார்கள் என்று எப்படிப் புரிந்துகொள்வது?

பதில்: முதலில் நீங்கள் கடைசியாக அனுப்பியதை ஒருதரம் வாசித்துப் பாருங்கள். “எந்த மீடியம்?” என்று நீங்களே கேட்டிருந்தால் வந்திருப்பது அதற்கான பதில்தான். கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம், தமிழ் என்று பாடங்களை வரிசையாகப் போட்டிருந்தால்தான் சிக்கல். அப்போது ‘English’ என்பது ஆங்கிலப் பாடமாகவும் இருக்கலாம், இங்கிலிஷ் மீடியத்தில் விஞ்ஞானமாகவும் இருக்கலாம். “உங்கள் மெசேஜை இங்கிலிஷில் அனுப்புங்கள்” என்பதும் அதற்குள் இருக்கலாம்.

இதைப் பிரிக்கப் பிள்ளையின் தரம்தான் நல்ல துப்பு. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை சிங்களத்திலும் தமிழிலும்தான் நடக்கிறது. ஆகவே அரச பாடசாலையில் நாலாம், ஐந்தாம் தரம் படிக்கிற பிள்ளையின் தாய் ‘English’ என்றால் பெரும்பாலும் பாடத்தைத்தான் சொல்கிறார். அரச பாடசாலைகளில் சில பாடங்களை இங்கிலிஷில் படிக்கிற இருமொழிக் கல்வி வழமையாகத் தொடங்குவது தரம் 6இல். அங்கிருந்து மேலே போனால் மீடியத்தையும் கேட்டேயாக வேண்டும். கேட்காமல் தமிழ்மூல விஞ்ஞான வகுப்பில் சேர்த்துவிட்டால், பிள்ளை இங்கிலிஷ் பாடப்புத்தகத்தோடு வந்து உட்காரும். அடுத்த கிழமை வராது.

‘Tamil’ என்று இங்கிலிஷ் எழுத்தில் வந்தால் எழுத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். தமிழ்க் கீபோர்ட் போடாதவர்கள் நம்மிடையே எத்தனையோ பேர். ‘தமிழ்’ என்று தமிழிலேயே வந்தால், எழுதியவருக்குத் தமிழில் தாராளமாகப் பதில் போடலாம் என்பதாவது உறுதி. அம்பாறை நகர்ப் பக்கமிருந்து வந்தால் இன்னொன்றும் இருக்கலாம்: தமிழை இரண்டாம் மொழியாகப் படிக்கிற சிங்களப் பிள்ளை, அல்லது இரண்டாம் மொழித் தேர்ச்சிப் பரீட்சைக்கு ஆயத்தமாகிற அரச உத்தியோகத்தர். பேரைப் பார்த்து ஊகிக்காமல் கேட்டுவிடுங்கள்.

கேட்கிற விதமும் முக்கியம். “விளங்கவில்லை, என்ன வேணும்?” என்று போட்டால் பலர் அத்தோடு பேசாமல் விட்டுவிடுவார்கள். அவர்கள் இன்னொரு சொல்லில் முடிக்கக்கூடிய மாதிரிக் கேளுங்கள்:

“சரி. பிள்ளை எத்தனையாம் தரம்? 1. ஆங்கிலப் பாடம் 2. இங்கிலிஷ் மீடியத்தில் கணிதம், விஞ்ஞானம். இலக்கத்தை அனுப்பினால் போதும்.”

இதையே கீழே இங்கிலிஷிலும் ஒருமுறை எழுதிவிடுங்கள். தமிழ் வாசிக்கச் சிரமப்படுகிறவர் அந்த மொழியிலேயே பதில் போடுவார். அவரிடம் தனியாக மொழியைக் கேட்கத் தேவையில்லை. அதற்கும் பதில் இல்லையென்றால் பின்னேரம் ஒரு கோல் எடுங்கள். டைப் பண்ணச் சிரமப்பட்டு ஒற்றைச் சொல் போடுகிறவர்கள், கதைக்கக் கிடைத்தால் எல்லா விபரத்தையும் தாங்களாகவே சொல்லிவிடுவார்கள்.