வட்டம் வட்டமாகத் தெரிகிறதா? செட்டாப் பாக்ஸ் கேள்வி-பதில்

கேள்வி: புது டிவி மாட்டியதில் இருந்து பல சேனல்களில் எல்லாரும் குண்டாகத் தெரிகிறார்கள். ஹெச்டி சேனல்களில் மட்டும் சரியாக இருக்கிறது. கோளாறு டிவியிலா, பாக்ஸிலா?

கோளாறு எதுவும் இல்லை, பாக்ஸின் அமைப்பை மாற்றினால் போதும். உங்கள் டிவி திரையின் அகலம்-உயர விகிதம் 16:9. அந்தச் சேனல்கள் பழைய 4:3 வடிவத்தில் வருகின்றன. அதைத் திரை முழுக்க இழுத்துவிட்டால் அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். முகத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், கண் சீக்கிரம் பழகிவிடும். சேனலில் சுவர்க் கடிகாரமோ வட்டமான சின்னமோ வரும்போது டேப்பை வைத்து அளந்து பாருங்கள். உயரம் 12 செ.மீ., அகலம் 16 செ.மீ. என்றால் 4:3 படம் இழுபட்டிருக்கிறது. உயரம் 12, அகலம் 9 என்றால் நேரெதிர்: அகலப் படம் நெருக்கப்பட்டிருக்கிறது.

பாக்ஸ் மெனுவில் டிவி வடிவத்தை 16:9 என்று வையுங்கள். அதன் அருகிலேயே 4:3 படத்தை எப்படிக் காட்டுவது என்று இன்னொரு தேர்வு இருக்கும். அதில் Pillarbox வேண்டும். சில பாக்ஸ்களில் இதற்கு Original என்றோ Normal என்றோ பெயர். Full, Stretch வேண்டாம். டிவி ரிமோட்டில் படத்தின் அளவு 16:9 என்றே இருக்கட்டும்.

டிவியிலேயே 4:3 என்று மாற்றினால் என்ன என்று தோன்றும். பாக்ஸ் 1080 வெளியீட்டில் இருக்கும்போது எந்தச் சேனலையும் 16:9 சட்டத்தில் போட்டுத்தான் ஹெச்டிஎம்ஐ கேபிளில் அனுப்புகிறது. உள்ளே இருப்பது எந்த வடிவம் என்று டிவிக்குத் தெரியாது. டிவியை 4:3 ஆக்கினால் பழைய சேனல் சரியாகிவிடும், ஆனால் அடுத்த ஹெச்டி சேனலில் எல்லாரும் ஒல்லியாகிவிடுவார்கள். வடிவத்தைத் தொடும் வேலை ஒரே கருவியிடம் இருக்கட்டும், அது பாக்ஸாக இருக்கட்டும்.

கேள்வி: அப்படி வைத்தால் இரண்டு பக்கமும் கருப்புப் பட்டை வருகிறதே. இழுக்காமல் நிரப்ப வழியே இல்லையா?

உண்மையான 4:3 படத்துக்கு இல்லை. இழுக்க வேண்டும், அல்லது வெட்ட வேண்டும். Zoom வைத்தால் படத்தின் உயரத்தில் கால் பங்கு போய்விடும்: மேலே எட்டில் ஒன்று, கீழே எட்டில் ஒன்று. செய்தி சேனலில் கீழே ஓடும் எழுத்து முதல் பலி. நான் பட்டையோடுதான் பார்க்கிறேன்.

ஆனால் நான்கு பக்கமும் பட்டை, நடுவில் சின்னப் படம் என்று சில சேனல்கள் வரும். அங்கே மட்டும் Zoom-ஐத் தாராளமாகப் போடலாம். சேனல்காரர்களே அகலப் படத்தை மேலும் கீழும் பட்டை போட்டு 4:3-க்குள் வைத்து அனுப்புகிறார்கள். பாக்ஸ் அதற்கு இரு பக்கப் பட்டையைச் சேர்க்கிறது. 576 வரிகளில் படம் இருப்பது 432-இல்தான். அதை மூன்றில் ஒரு பங்கு பெரிதாக்கினால் திரை கச்சிதமாக நிரம்பும், வட்டமும் வட்டமாகவே இருக்கும். வரிகள் குறைவு என்பதால் படம் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும். சேனலை மாற்றும்போது Zoom-ஐ எடுத்துவிட மறக்காதீர்கள்.

ஹெச்டி சேனல்களிலும் நான்கு பக்கப் பட்டை தெரிந்தால் சேனல்மேல் தப்பில்லை. பாக்ஸில் டிவி வடிவம் 4:3 என்று கிடக்கிறது, அதைப் போய் மாற்றுங்கள்.

கேள்வி: 576, 720, 1080 என்று இருப்பதில் பெரிய எண்ணை வைத்தால் படம் திரையை நிரப்புமா?

நிரப்பாது. அந்த எண் வரிகளின் எண்ணிக்கை, வடிவம் வேறு விஷயம். திரை 1920×1080 அல்லது அதற்கு மேல் என்றால் பாக்ஸில் 1080 வையுங்கள். சின்ன டிவிகள் பல 1366×768 திரை கொண்டவை. அவற்றில் 720p, 1080i இரண்டையும் போட்டுப் பார்த்து முடிவு செய்யலாம். பார்க்க வேண்டிய இடம், ஓடும் செய்தி எழுத்தின் ஓரம். 1080i-இல் அது சீப்புப் பல் போல் பிசிறடித்தால் 720p போதும். டிவி ஏற்காத அளவைத் தேர்ந்தெடுத்துத் திரை இருண்டுவிட்டால் பதறாமல் கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் உறுதி செய்யாவிட்டால் பல பாக்ஸ்கள் தாமாகவே பழைய அளவுக்குத் திரும்பிவிடும்.

கேள்வி: படம் சரியான வடிவில் நிரம்பியிருக்கிறது. ஆனால் மூலையில் உள்ள ஸ்கோர் பாதி வெட்டுப்படுகிறது.

இதற்கு டிவிதான் காரணம். பழைய பழக்கத்தில் படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரத்தை மறைக்கிறது. டிவியின் படத்தின் அளவில் Just Scan அல்லது Screen Fit என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். அது பட்டியலில் காணவில்லை என்றால் பாக்ஸை 1080-க்கு மாற்றிவிட்டு மறுபடி பாருங்கள்; குறைந்த அளவில் அந்தத் தேர்வைக் காட்டாத டிவிகள் உண்டு.